முந்திரி ஆர்டரும் மோசடி அழைப்பும்: ஒரு சிறு இணையக் கடையின் அறிவிப்புக்குப் பின்னணி

"உங்கள் ஆர்டர் விவரங்கள் எங்கள் இணையதளத்திலிருந்து வெளியே சென்றுவிட்டன" என்று ஒரு கடையிடமிருந்து செய்தி வந்தால், பெரும்பாலான வாடிக்கையாளர்கள் முதலில் தேடுவது கார்டு எண் போயிற்றா என்பதைத்தான். போகவில்லை என்று அடுத்த வரியில் இருந்துவிட்டால், மீதியைப் படிக்காமலே நிம்மதியாகிவிடுவார்கள். அந்த ஒரு வரியை எழுதிவிட்டால் தம் கடமை முடிந்தது என்று கடைக்காரரும் எண்ணிக்கொள்கிறார். இந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை. பெயர், முகவரி, கைபேசி எண், என்ன வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் ஆகியவை ஒரே வரிசையில் கிடைத்துவிட்டால், கார்டு எண்ணை மோசடிக்காரர் வாடிக்கையாளரிடமே கேட்டு வாங்கிக்கொள்வார்.

இதை விளங்கவைக்க ஒரு கடையை எடுத்துக்கொள்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு பண்ருட்டி முந்திரி, பலாப்பழ வற்றல், பனங்கற்கண்டு ஆகியவற்றைத் தன் சொந்த இணையதளத்தில் விற்கும் கடை அது. உண்மையில் இது ஒரே கடை அன்று. இத்தகைய சிறு கடைகளில் நடப்பவற்றை ஒன்றாகத் திரட்டிச் சொல்கிறேன். தேதிகளும் எண்களும் விளக்கத்துக்காகக் கொடுக்கப்படுபவை. நடக்கும் முறை மட்டும் இதுதான்.

2025 தீபாவளி அக்டோபர் 20 அன்று வந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே ஆர்டர்கள் குவிந்தன. பொட்டலம் கட்டுபவர்களுக்கும் கூரியர் முகவருக்கும் பட்டியல் வேண்டும். கடையின் கணக்கைப் பார்க்கும் தம்பி, வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இயங்கும் கடைத் தளத்திலிருந்து ஆர்டர்களை எல்லாம் ஒரு கோப்பாக எடுத்தார். கோப்பைத் தளத்தின் மீடியா லைப்ரரியிலேயே ஏற்றினார். கிடைத்த இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லோருக்கும் சுலபமாகத் திறந்தது. கடவுச்சொல் கேட்காமல் திறந்ததால்தான் அவ்வளவு சுலபம். மீடியா லைப்ரரி என்பது பொருள்களின் படங்களை ஊர் முழுக்கக் காட்டுவதற்கான இடம். அதில் ஏற்றிய எதையும், முகவரி தெரிந்த எவரும் எடுத்துக்கொள்ளலாம். முகவரியை ஊகிப்பதும் கடினம் அன்று, ஏனெனில் வேர்ட்பிரஸ் வழக்கமாகக் கோப்புகளை ஆண்டு, மாதம் என்ற பெயரிலேயே அடுக்கிவைக்கிறது. இந்தத் தளத்தில் இன்னொரு குறையும் சேர்ந்துகொண்டது: அந்த மாதத்துக்கான கோப்புறையின் முகவரியை மட்டும் தட்டினாலே, உள்ளே என்னென்ன கோப்புகள் உள்ளன என்ற பட்டியலை சர்வர் காட்டிக்கொண்டிருந்தது. இப்படித் திறந்து கிடக்கும் கோப்புறைகளைத் தேடிக்கொண்டு இரவு பகலாகச் சுற்றும் தானியங்கி நிரல்கள் இணையத்தில் ஏராளம். அவற்றுக்குக் கடலூர்க் கடை என்றோ சென்னைக் கடை என்றோ வேறுபாடு கிடையாது.

கசிவு தெரியவந்தது தளத்தின் மூலம் அன்று, தொலைபேசியின் மூலம். தீபாவளி முடிந்து நான்கு நாள் கழித்து புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் ஒரு வாடிக்கையாளர் கடைக்குப் பேசினார். அவருக்கு வந்த அழைப்பு ஏறத்தாழ இப்படி இருந்தது: "அம்மா, கூரியர் ஆபீஸ்ல இருந்து பேசுறோம். முந்திரி ஒரு கிலோ, பனங்கற்கண்டு அரைக் கிலோ ஆர்டர் போட்டிருந்தீங்க இல்ல, 1,340 ரூபா. அதுல ஒரு பாக்கெட் விட்டுப்போச்சு, இன்னிக்கு அனுப்புறோம். தாத்தா சதாபிஷேகத்துக்குன்னு எழுதியிருந்தீங்களே, அதான் சீக்கிரம் குடுத்துடலாம்னு. அட்ரஸ் மட்டும் கன்ஃபார்ம் பண்ணணும், ஒரு லிங்க் வரும், அஞ்சு ரூபா கட்டிடுங்க."

கடைக்காரர் முதலில் கூரியர் அலுவலகத்தையே சந்தேகித்தார். அது இயல்பு; கூரியர் ஒட்டும் சீட்டில் பெயர், முகவரி, கைபேசி எண், பணம் வசூலிக்க வேண்டியிருந்தால் அந்தத் தொகை எல்லாம் அச்சாகி, பல கைகள் மாறிச் செல்கின்றன. ஆனால் ஆர்டர் போடும்போது வாடிக்கையாளர் குறிப்புப் பெட்டியில் எழுதிய சதாபிஷேகச் செய்தி அந்தச் சீட்டில் இல்லை. அது கடையின் தளத்திலும், அதிலிருந்து எடுத்த கோப்பிலும் மட்டுமே இருந்தது. எங்கிருந்து கசிந்தது என்று கண்டுபிடிப்பதில் இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை: அழைத்தவருக்கு என்ன தெரிந்திருந்தது, அது யார் யாரிடம் இருந்தது? வாடிக்கையாளர் தம் முகவரியில் செய்த எழுத்துப்பிழை அப்படியே மோசடிச் செய்தியில் வந்தாலும் அது ஒரு தடயம்தான். ஆகையால் இப்படி ஓர் அழைப்பு வந்தால், "ஏமாற்றுக்காரன்" என்று திட்டி வைத்துவிடுவதோடு நிற்காமல், அவர் சொன்ன விவரங்களை உடனே ஒரு தாளில் எழுதிக் கடைக்குத் தெரிவிப்பது நல்லது.

அடுத்து கடைக்காரர் செய்ய வேண்டியது சர்வரின் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பது. அதற்கு முன் ஒன்று. கோப்பு வெளியில் கிடப்பது தெரிந்ததும் பதற்றத்தில் அதை அழித்துவிடுவார்கள். அழித்த பிறகு யார் யாருடைய விவரம் அதில் இருந்தது என்று சொல்ல வழியில்லாமல் போய்விடும். முதலில் கோப்பின் ஒரு பிரதியையும் பதிவேட்டின் பிரதியையும் தளத்துக்கு வெளியே, தம் கணினியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் பின்னரே தளத்திலிருந்து நீக்க வேண்டும். இதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

இந்தக் கடையின் பதிவேட்டில் கிடைத்த இரண்டு வரிகள் இவை:

```
203.0.113.45 - - [17/Oct/2025:20:44:07 +0000] "GET /wp-content/uploads/2025/10/ HTTP/1.1" 200 1893
203.0.113.45 - - [17/Oct/2025:20:44:19 +0000] "GET /wp-content/uploads/2025/10/orders-oct.csv HTTP/1.1" 200 418233
```

முதல் வரியில் ஒருவர், அல்லது ஒரு நிரல், கோப்புறையின் பட்டியலைப் பார்த்திருக்கிறது. பன்னிரண்டு விநாடி கழித்து ஆர்டர் கோப்பை எடுத்திருக்கிறது. 200 என்பது கேட்டது கொடுக்கப்பட்டது என்பதற்கான குறி. கடைசியில் உள்ள 418233 என்பது அனுப்பப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கை. ஹோஸ்டிங் கணக்கில் அதே கோப்பின் அளவைப் பார்த்தால் அதுவும் 418233 பைட்டுகள். ஆக, பாதியில் நிற்காமல் முழுக் கோப்பும் போயிருக்கிறது. சர்வர் கோப்புகளைச் சுருக்கி அனுப்பும் அமைப்பில் இருந்தால் பதிவேட்டில் இந்த எண் சிறியதாக இருக்கும், அதைக் கண்டு பாதிதான் போயிற்று என்று ஆறுதல் கொள்ளக் கூடாது.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். வரியில் +0000 என்று இருப்பதால் அது இந்திய நேரம் அன்று. ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். கூட்டினால் அக்டோபர் 17 இரவு 8.44 என்பது அக்டோபர் 18 அதிகாலை 2.14 ஆகிறது. இதைக் கவனிக்காமல் "17ஆம் தேதி வரை வந்த ஆர்டர்கள்" என்று அறிவிப்பில் எழுதும் கடைகள் உண்டு. எத்தனாம் தேதி வரையிலான ஆர்டர்கள் கோப்பில் இருந்தன என்பதைக் கோப்பைத் திறந்து அதன் கடைசி வரிசையைப் பார்த்து எழுத வேண்டுமே தவிர, பதிவேட்டு நேரத்தை வைத்து ஊகிக்கக் கூடாது.

பதிவேட்டால் சொல்ல முடியாததும் உண்டு. கோப்பு தளத்தில் ஏற்றப்பட்டது அக்டோபர் 3 அன்று. ஆனால் மலிவான ஹோஸ்டிங் திட்டங்கள் பலவற்றில், பழைய பதிவுகளைச் சேமித்து வைக்கும் வசதியை நாமே இயக்கினால் ஒழிய, அவை சில நாள்களிலோ மாத முடிவிலோ அழிந்துவிடும். இந்தக் கடைக்கு அக்டோபர் 11 முதலான பதிவுகள்தான் கிடைத்தன. அப்படியானால் 3ஆம் தேதிக்கும் 11ஆம் தேதிக்கும் இடையில் எவரும் எடுக்கவில்லை என்று எழுத முடியாது; "அந்த நாள்களுக்கான பதிவு எங்களிடம் இல்லை" என்றுதான் எழுத முடியும். "ஒரே ஒரு முறைதான் எடுக்கப்பட்டது" என்ற உறுதிமொழியைக் காட்டிலும் அந்த வரி வாடிக்கையாளருக்குப் பயன்படும் என்பது என் கருத்து. இந்தியக் கணினி அவசரநிலை உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, பதிவுகளை 180 நாள்களுக்கு வைத்திருக்கச் சொல்கிறது.

இனி, கோப்பில் என்ன இருந்தது என்பதைப் பார்க்கலாம். அதன் முதல் வரி இப்படி:

```
order_id,date,billing_name,billing_phone,billing_email,shipping_name,shipping_phone,shipping_address,pincode,items,total,payment_method,customer_note
```

அறிவிப்பில் "சில தனிப்பட்ட விவரங்கள்" என்று பொதுப்படையாக எழுதுவதை விட்டுவிட்டு, இந்தத் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிவிடுவதே நேர்மையானது. அவற்றுள் இரண்டு இனங்களைக் கடைக்காரர்கள் வழக்கமாக மறந்துவிடுகிறார்கள்.

முதலாவது அந்தக் கடைசித் தலைப்பு, வாடிக்கையாளர் குறிப்பு. அதில் மக்கள் எழுதுவது முந்திரியைப் பற்றி அன்று. "பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம், எதிர்வீட்டில் கொடுக்கவும்", "அம்மா மட்டும் தனியாக இருப்பார், மாடிக்கு வந்து தரவும்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். வீடு எப்போது பூட்டியிருக்கும், யார் தனியாக இருப்பார் என்பது வெளியில் போனால் அது பணமோசடியோடு நிற்கும் விவரம் இல்லை. கடைக்காரர் இந்தத் தலைப்பின் கீழ் உள்ளவற்றைத் தாமே ஒருமுறை படித்துப் பார்த்து, இப்படி எழுதியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி சேர்த்து அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, வாங்கியவர் வேறு, பெற்றவர் வேறு என்ற ஆர்டர்கள். புதுச்சேரியில் இது மிகுதி. பாரிசிலிருந்து மகன் ஆர்டர் போடுவார், பொட்டலம் முத்தியால்பேட்டையில் உள்ள பெற்றோருக்குப் போகும். கோப்பில் பெற்றோரின் பெயர், கைபேசி எண், முகவரி ஆகியவை உள்ளன, ஆனால் அவர்கள் அந்தக் கடையில் ஒருநாளும் எதையும் வாங்கியதில்லை. அவர்களின் மின்னஞ்சல் கடையிடம் இல்லை. மோசடிக்காரர் அழைக்கப்போவது பெரும்பாலும் அவர்களைத்தான், ஏனெனில் இந்திய எண் அவர்களுடையது. மின்னஞ்சல் அறிவிப்பு மகனுக்கு மட்டுமே போய்ச் சேரும்.

கோப்பில் இல்லாதவற்றையும் காரணத்தோடு சொல்ல வேண்டும். கார்டு எண் இல்லை, ஏனெனில் பணம் செலுத்தும் பக்கம் கட்டண நிறுவனத்தினுடையது. வாடிக்கையாளரின் கார்டு எண்ணைக் கடைகள் சேமித்து வைக்க 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதியும் அனுமதிப்பதில்லை. கடவுச்சொல் இல்லை, ஏனெனில் அது ஆர்டர் பட்டியலில் இடம்பெறுவதே இல்லை. ஆகவே இந்தக் கசிவுக்கு "உடனே உங்கள் கடவுச்சொல்லை மாற்றுங்கள்" என்ற அறிவுரை பொருந்தாது. எங்கோ பார்த்த அறிவிப்பிலிருந்து எடுத்து ஒட்டிய வரி அது. தளத்தின் தரவுத்தளமே போயிருந்தால் அந்த அறிவுரை கட்டாயம். இங்கே அது கவனத்தைத் தவறான பக்கம் திருப்புகிறது. கடவுச்சொல்லை மாற்றியவர் தாம் பாதுகாப்பாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த நாள் கூரியர் பெயரில் அழைப்பு வரும்.

அந்த அழைப்பு மூன்று வடிவங்களில் வருவதுண்டு. லாஸ்பேட்டை அம்மாவுக்கு வந்தது முதல் வடிவம். ஐந்து ரூபாய்க்கான இணைப்பைத் திறந்தால் கூரியர் நிறுவனத்தின் சின்னத்தோடு ஒரு பக்கம் தெரியும். கார்டு எண்ணும் பின்பக்கத்து மூன்று இலக்கமும் கேட்கும். பிறகு ஓடிபி கேட்கும். இங்கே ஓர் இடத்தில் மட்டும் உண்மை வெளிப்பட்டுவிடுகிறது: ஓடிபி வரும் குறுஞ்செய்தி வங்கியுடையது, ஆகவே அதில் உண்மையான தொகை இருக்கும். ஐந்து ரூபாய் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பவரின் செய்தியில் 48,000 ரூபாய் என்று இருக்கும். எண்ணை மட்டும் பார்த்துத் தட்டும் பழக்கத்தால் பலர் அந்த வரியைப் படிப்பதில்லை. சில சமயம் இணைப்புக்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் `.apk` என்று முடியும் ஒரு கோப்பு வரும், பொட்டலம் எங்கே வருகிறது என்று பார்க்கும் செயலி என்பார்கள். அதை நிறுவி, கேட்கும் அனுமதிகளைக் கொடுத்தால் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளை அது படித்து அனுப்பிவிடும். ஓடிபியை நாம் சொல்லவேண்டிய தேவைகூட இருக்காது.

இரண்டாவது வடிவம் வாசலுக்கே வருவது. சரியான பெயரும் முகவரியும் ஒட்டிய பொட்டலம், 599 ரூபாய் கொடுத்துப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று. வீட்டில் இருப்பவர், பிள்ளைகள் யாரோ ஆர்டர் போட்டிருப்பார்கள் என்று பணத்தைக் கொடுத்துவிடுவார். உள்ளே பழைய துணியோ செங்கல்லோ இருக்கும். கொண்டுவருபவர் பெரும்பாலும் உண்மையான கூரியர் ஊழியர்தான், அவருக்கு எதுவும் தெரியாது. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. ஆர்டர் போட்டதாக வீட்டில் ஒருவர் உறுதிப்படுத்தும்வரை வாங்க மறுத்துவிடலாம். மறுப்பதால் யாருக்கும் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

மூன்றாவது, பணம் திருப்பித் தருவதாக வருவது. "கசிவுக்கு இழப்பீடாக உங்கள் தொகையைத் திருப்பித் தருகிறோம்" என்று கடையின் அறிவிப்பையே போலியாக எழுதியும் அனுப்பக்கூடும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை, க்யூஆர் குறியை ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. அவை இரண்டும் பணம் கொடுப்பதற்கானவை. பின் எண்ணைக் கேட்கும் திரையில் வருவது உங்கள் கணக்கிலிருந்து போகப்போகும் தொகை.

மூன்று வடிவங்களுக்கும் அடிப்படை ஒன்றே. நம் ஆர்டரைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே, இவர் கடைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று கேட்பவர் நம்பிவிடுகிறார். கசிவுக்குப் பின் அந்த விவரம் தெரிந்திருப்பது எதற்கும் சான்று அன்று. அழைப்பைத் துண்டித்துவிட்டு, தளத்தின் முகவரியைத் தாமே தட்டி, அங்குள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்பதுதான் வாடிக்கையாளர் கைக்கொள்ள வேண்டிய ஒரே நடைமுறை. நம்மை அழைத்த எண்ணுக்கே திரும்ப அழைத்துக் கேட்பது சரிபார்த்தல் ஆகாது. கடையின் எண்ணைக் கூகுளில் தேடி எடுப்பதிலும் ஆபத்து உண்டு, போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் அங்கும் கிடக்கின்றன.

பணம் போய்விட்டால் நேரம்தான் முக்கியம். வங்கியின் எண்ணுக்கும், 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே அழைக்க வேண்டும். `cybercrime.gov.in` தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறி, எடுக்கப்படுவதற்குள் அதை நிறுத்திவைக்க முயல்வதே 1930இன் வேலை. செயலியை நிறுவிவிட்டவர் முதலில் கைபேசியின் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்கு அழைக்க வேண்டும். செயலியை நீக்கிவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாமல் பணம் போயிருந்தால், வங்கியின் செய்தி வந்ததிலிருந்து மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்துவிட்டால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது. ஓடிபியைத் தாமே சொல்லியிருந்தால், தெரிவிக்கும்வரை போனது அவருடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியைச் சேரும். ஆகவே தவறு தம்முடையதாகவே இருந்தாலும், வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளிப்போடுவதில் பொருளில்லை.

நம் பகுதிக்கே உரிய ஒரு குழப்பமும் இதில் உண்டு. கடை கடலூரில், அதாவது தமிழ்நாட்டில். பாதி வாடிக்கையாளர்கள் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில். கன்னிக்கோயில் எல்லையைத் தாண்டினால் காவல் துறை வேறு. அதற்காக லாஸ்பேட்டையில் இருப்பவர் கடலூருக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. 1930 இரு பக்கத்திலும் ஒன்றே. காவல் நிலையத்திலும், குற்றம் எந்த எல்லைக்குள் நடந்தது என்பதைப் பொருட்படுத்தாமல் தகவலைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு சொல்கிறது.

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால், கடையின் அறிவிப்பு ஏறத்தாழ இப்படி அமையும்:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, 2025 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 3 வரை எங்களிடம் வந்த ஆர்டர்களின் பட்டியல் ஒன்று, எங்கள் தவறால், கடவுச்சொல் இல்லாமல் திறக்கக்கூடிய இடத்தில் எங்கள் தளத்தில் இருந்தது. அக்டோபர் 18 அதிகாலை 2.14 மணிக்கு வெளியார் ஒருவர் அதை முழுமையாக எடுத்திருக்கிறார். அக்டோபர் 11க்கு முந்தைய பதிவுகள் எங்களிடம் இல்லாததால், அதற்கு முன் யாரேனும் எடுத்தனரா என்று கூற இயலவில்லை. அந்தப் பட்டியலில் உங்கள் ஆர்டரும் உள்ளது. வாங்கியவர், பெறுபவர் ஆகியோரின் பெயர், கைபேசி எண், வாங்கியவரின் மின்னஞ்சல், பொருள் அனுப்பிய முகவரி, வாங்கிய பொருள்கள், தொகை, பணம் செலுத்திய முறை, நீங்கள் எழுதிய குறிப்பு ஆகியவை அதில் இருந்தன. கார்டு எண், வங்கி விவரம், கடவுச்சொல் ஆகியவை இல்லை. இந்த விவரங்களைச் சொல்லி எங்கள் பெயரிலோ கூரியர் பெயரிலோ மோசடி அழைப்புகள் வரத் தொடங்கியுள்ளன. இந்த ஆர்டர் தொடர்பாக நாங்கள் உங்களை அழைக்க மாட்டோம். இணைப்பு எதுவும் அனுப்ப மாட்டோம். பணம் கேட்கவோ திருப்பித் தருவதாகச் சொல்லவோ மாட்டோம். பொருளை வேறொருவருக்கு அனுப்பியிருந்தால் அவருக்கும் இதை அருள்கூர்ந்து தெரிவியுங்கள். பட்டியலை அக்டோபர் 25 அன்று நீக்கிவிட்டோம். பணம் இழந்திருந்தால் உங்கள் வங்கிக்கும் 1930க்கும் உடனே அழையுங்கள்."

இதன் கீழே உரிமையாளரின் பெயரும், பகலில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். "உங்கள் தனியுரிமை எங்களுக்கு உயிரினும் மேலானது" என்று தொடங்கும் பத்தி தேவையில்லை. ஆர்டர் எண்ணை மட்டும் குறிப்பிடலாம்; பொருளின் பெயரையும் முகவரியையும் திரும்ப எழுதி அனுப்புவது தவறான கைக்குப் போனால் அதுவே இன்னொரு கசிவு.

அனுப்பும் வழியில்தான் சிறு கடைகள் இடறுகின்றன. எல்லா மின்னஞ்சல் முகவரிகளையும் பெறுநர் வரிசையில் போட்டு ஒரே கடிதமாக அனுப்பினால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மற்ற எல்லோருடைய முகவரியும் போய்விடும். வாட்ஸ்அப் குழு தொடங்கினால் எண்கள் எல்லாம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் அந்தக் குறையைத் தவிர்த்தாலும், கடையின் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும், மற்றவர்களுக்குப் போகாதது நமக்குத் தெரியவும் தெரியாது. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். "உங்கள் ஆர்டர் அனுப்பப்பட்டது" என்ற வாசகத்துக்கு ஒப்புதல் வாங்கி வைத்திருக்கும் கடை, அதே பெயரில் கசிவு அறிவிப்பை அனுப்பிவிட முடியாது. நடைமுறையில் எஞ்சுவது, மின்னஞ்சலைத் தனித்தனியாக அனுப்புவது, தளத்தின் முகப்பில் அறிவிப்பை வைப்பது, மின்னஞ்சல் இல்லாத பெறுநர்களுக்குச் சாதாரணத் தபாலில் ஓர் அச்சிட்ட கடிதம் போடுவது. தபால் இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்றாலும், முத்தியால்பேட்டைப் பெற்றோர் அதைக் கையில் வைத்துப் படிப்பார்கள்.

வாடிக்கையாளர் தவிர வேறு யாருக்குத் தெரிவிப்பது என்ற கேள்விக்கு, செர்ட்-இன் உத்தரவு தரவுக் கசிவைக் கண்டறிந்த ஆறு மணி நேரத்துக்குள் `incident@cert-in.org.in` முகவரிக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. அந்த உத்தரவு நிறுவனங்களைக் குறிப்பிடுவதால், நம்முடையது ஒரு ஆள் கடைதானே என்று பலர் நினைக்கிறார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு கொடுக்கும் விளக்கத்தில் தனி உரிமையாளர் வணிகமும் நிறுவனம் என்பதற்குள் அடங்குகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிப்பதைக் கடமையாக்குகிறது. 2025 நவம்பரில் வந்த அதன் விதிகளில் இந்தக் கடமைக்கான பகுதி பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும்படி வைக்கப்பட்டுள்ளது. தெரிவிக்கத் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 200 கோடி ரூபாய். உச்சவரம்பு முந்திரிக் கடைக்கு விதிக்கப்படும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் சில வகை நிறுவனங்களுக்குச் சில பிரிவுகளிலிருந்து அரசு விலக்கு அளிக்க இடம் தரும் 17ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவில், தெரிவிக்கும் கடமை சேர்க்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தளத்தைச் சரிசெய்வது இவற்றில் மிக எளிய பகுதி. கோப்புறைப் பட்டியலை அப்பாச்சி வகை சர்வர் காட்டாதிருக்க அதன் `.htaccess` என்ற அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும்:

```
Options -Indexes
```

ஆனால் இது பட்டியலை மட்டுமே மறைக்கிறது. கோப்பின் முழு முகவரி தெரிந்தவருக்கு அது தொடர்ந்து திறக்கும். ஆகவே கோப்பையே நீக்க வேண்டும். பெயர் மாற்றி வைப்பது நீக்கியதாகாது. முந்தைய மாதங்களின் கோப்புறைகளையும் திறந்து பார்த்தால், பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் எடுத்த பட்டியல்கள் அங்கே கிடக்க வாய்ப்புண்டு. கிடந்தால் அவற்றில் உள்ளவர்களுக்கும் அறிவிப்பு போக வேண்டும். பதிவேட்டில் கூகுளின் நிரல் அந்தக் கோப்பை எடுத்த தடம் இருந்தால், கோப்பை நீக்கிய கையோடு கூகுள் சர்ச் கன்சோலில் அதன் முகவரியை அகற்றக் கோர வேண்டும். அந்தக் கருவி மறைப்பது ஏறத்தாழ ஆறு மாதத்துக்குத்தான், கோப்பு உண்மையிலேயே நீங்கியிருந்தால்தான் தேடலிலிருந்து நிலையாக மறையும். பொட்டலம் கட்டுபவர்களுக்கு வாடிக்கையாளரின் மின்னஞ்சலும் தொகையும் எதற்கு என்பதையும் யோசிக்கலாம்; ஆர்டர் எண், பொருள், எடை ஆகிய மூன்றும் அச்சிட்ட தாளில் இருந்தால் அவர்கள் வேலை நடக்கும். வேர்ட்பிரஸ் தளங்களில் விற்பனையைக் கவனிக்கும் வூகாமர்ஸ் நிரலின் அமைப்புகளில், கணக்குகளும் தனியுரிமையும் என்ற பகுதியில், முடிந்துபோன ஆர்டர்களிலிருந்து குறிப்பிட்ட மாதங்களுக்குப் பின் பெயர், முகவரி முதலியவற்றைத் தானாக நீக்கும் ஒரு பெட்டி உள்ளது. பெரும்பாலான கடைகளில் அது காலியாகவே இருக்கிறது. வரிக் கணக்குக்கான ரசீதுகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு அந்தப் பெட்டியில் ஓர் எண்ணை நிரப்பினால், அடுத்த முறை எடுக்கும் பட்டியலில் அந்த மாதங்களுக்கான ஆர்டர்கள் மட்டுமே ஆள் விவரத்தோடு இருக்கும்.